நீண்ட பயணத்தின் நடுவே ஒரு நகரத்தில் இரண்டு நாள்: இடைத்தங்கல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விமானம் எப்படியும் அந்த ஊரில்தானே மாறுகிறது. அங்கேயே இறங்கி இரண்டு நாள் சுற்றிவிட்டு அடுத்த விமானத்தைப் பிடிக்கக் கூடாதா?

கூடும், ஆனால் அந்த இரண்டு நாளும் டிக்கெட்டிலேயே இருக்க வேண்டும். பயணத்தின்போது மனம் மாறி இறங்கிக்கொள்வது நடக்காது. ஒரே டிக்கெட்டில் உள்ள விமானங்களை வரிசைப்படிதான் பயன்படுத்த முடியும். ஒன்றில் ஏறாமல் விட்டால் அதற்குப் பின்னால் உள்ளவை எல்லாம் ரத்தாகிவிடும், திரும்பி வரும் விமானம் உட்பட. "இரண்டாவது விமானத்தை மட்டும் விட்டுவிட்டேன், ரிட்டர்ன் என்ன ஆயிற்று?" என்று கவுன்ட்டரில் நிற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த இடத்தில் அவர்களுக்கு இருக்கும் ஒரே வழி, அன்றைய விலையில் புது டிக்கெட் வாங்குவது.

ஆகவே இது ஊர் சுற்றும் விஷயம் என்பதைவிட முதலில் டிக்கெட் வாங்கும் விஷயம். கீழே உள்ள பதில்களில் பாதி அதைப் பற்றித்தான்.

லேஓவர், ஸ்டாப்ஓவர் என்று இரண்டு சொல் சொல்கிறார்களே, என்ன வித்தியாசம்?

24 மணி நேரம். சர்வதேசப் பயணத்தில், ஒரு விமானம் இறங்கி அடுத்தது கிளம்ப 24 மணி நேரத்துக்குள் இருந்தால் அது வெறும் இணைப்பு, அதாவது லேஓவர். அதைத் தாண்டினால் ஸ்டாப்ஓவர், தமிழில் இடைத்தங்கல் என்று சொல்லலாம்.

சொல்லளவில் சின்ன வித்தியாசம், ஆனால் பல விஷயங்கள் இந்தக் கோட்டில்தான் மாறுகின்றன. கட்டணம் மாறும். பெட்டி எங்கே வந்து சேரும் என்பது மாறும். வரிகூட மாறும். பிரிட்டனில் விமானப் பயணிகள் வரி என்று ஒன்று உண்டு. ஒரே டிக்கெட்டில் வந்து 24 மணி நேரத்துக்குள் இணைப்பு விமானத்தில் வெளியேறுபவருக்கு அது கிடையாது. இரண்டு நாள் தங்கினால், அங்கிருந்து புதிதாகக் கிளம்புபவராகவே உங்களைக் கணக்கிட்டு அந்த வரியைச் சேர்த்துவிடுவார்கள். அடுத்த விமானம் நெடுந்தூரம் என்றால் வரியும் கூடும். லண்டனை இடைத்தங்கல் ஊராக வைத்ததும் விலை ஏறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சரி, டிக்கெட்டை எப்படித் தேடுவது? சாதாரணமாகத் தேடினால் மூன்று மணி நேர இணைப்புதான் வருகிறது.

போகவர என்ற வகையில் தேடாதீர்கள். விமான நிறுவனத் தளத்திலும் தேடல் தளங்களிலும் `Multi-city` என்று ஒரு தேர்வு இருக்கும். அதில் ஒவ்வொரு துண்டையும் தனி வரியாகக் கொடுக்க வேண்டும். சிங்கப்பூரிலிருந்து இஸ்தான்புல் வழியாக லண்டன் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் வரியில் சிங்கப்பூர்–இஸ்தான்புல், கிளம்பும் தேதி. இரண்டாவதில் இஸ்தான்புல்–லண்டன், இரண்டு நாள் கழித்து. மூன்றாவதில் லண்டன்–சிங்கப்பூர், திரும்பும் தேதி. திரும்பும்போது அதே நிறுவனம் இஸ்தான்புல் வழியாகவே கொண்டுவரும், ஆனால் அது சாதாரண இணைப்பாக இருக்கும்.

இதில் ஒரே நிறுவனத்தின் விமானங்களையே தேர்ந்தெடுங்கள். வெவ்வேறு நிறுவனங்களைக் கலந்தால் கட்டணம் துண்டு துண்டாக உடைந்துவிட வாய்ப்பு அதிகம். எந்த நிறுவனத்துக்கு அந்த ஊர் சொந்த மையமோ, அந்த நிறுவனத்தில்தான் பொதுவாக நல்ல விலை கிடைக்கும். சில நிறுவனங்கள் இதைத் திட்டமாகவே வைத்திருக்கின்றன. ஐஸ்லாந்தேர் ரெய்க்யாவிக்கில் 7 இரவு வரை கூடுதல் விமானக் கட்டணமில்லாமல் தங்க விடுகிறது. போர்ச்சுகலின் TAP விமான நிறுவனம் லிஸ்பனிலோ போர்ட்டோவிலோ தங்கிப் போக இதேபோன்ற ஏற்பாடு வைத்திருக்கிறது. இவற்றுக்குத் தளத்தில் தனிப் பக்கம் இருக்கும். சாதாரணத் தேடலில் இந்த விலை தெரியாமல் போகலாம், அதனால் அந்தப் பக்கத்திலும் ஒருமுறை தேடிப்பாருங்கள்.

தேடினேன். நேராகப் போவதைவிட விலை எங்கேயோ போய்விட்டது. ஏன்?

சிங்கப்பூர்–லண்டன் கட்டணம் என்பது, சிங்கப்பூர்–இஸ்தான்புல் கட்டணத்தையும் இஸ்தான்புல்–லண்டன் கட்டணத்தையும் கூட்டியது அல்ல. அது இரண்டு முனைகளுக்கும் சேர்த்துப் போட்ட ஒரே விலை. பெரும்பாலும் அந்தக் கூட்டுத்தொகையைவிடக் குறைவு, ஏனென்றால் நிறுவனம் நேரடி விமானங்களோடு போட்டிபோட வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு கட்டணத்துக்கும் விதிகள் உண்டு. அதில் இடைத்தங்கல் அனுமதி உண்டு, இல்லை, தொகை கட்டினால் உண்டு என்று மூன்றில் ஒன்று எழுதியிருக்கும். மலிவான கட்டணங்களில் பெரும்பாலும் "இல்லை". அப்படி இருந்தால் கணினி அந்த ஒரே விலையைக் கைவிட்டு, இரண்டு துண்டுகளாக உடைத்துக் கூட்டிவிடும். விலை எகிறுவது அங்கேதான்.

உங்கள் டிக்கெட் உடைந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள மூன்று விலைகளை எழுதிப் பாருங்கள். முதலாவது, இடையில் தங்காமல் அதே நிறுவனத்தில் போகவர விலை. இரண்டாவது, `Multi-city` வழியாக வந்த விலை. மூன்றாவது, துண்டுகளைத் தனித்தனி டிக்கெட்டாக வாங்கினால் ஆகும் மொத்தம். இரண்டாவது முதலாவதை ஒட்டி, சற்றே கூடுதலாக இருந்தால் இடைத்தங்கல் அனுமதித்த கட்டணம் கிடைத்திருக்கிறது. இருக்கும் வித்தியாசம் பெரும்பாலும் அந்த ஊர் விமான நிலைய வரியாக இருக்கும். மாறாக, மூன்றாவதை ஒட்டி இருந்தால் உடைந்துவிட்டது என்று பொருள்.

உடைந்திருந்தால் இரண்டு முயற்சி செய்து பார்க்கலாம். தங்கும் நாளை ஒன்று முன்பின் நகர்த்துங்கள். மலிவான வகுப்பில் ஏதோ ஒரு துண்டில் மட்டும் இடம் இல்லாமல் இருந்தாலும் மொத்த விலையும் ஏறும். அது சரிவராவிட்டால், அதே விமானத்தில் ஒரு படி மேலான கட்டண வகையைப் பாருங்கள். ஒரு படி மேலே இடைத்தங்கல் அனுமதி இருந்து, மொத்தத்தில் குறைவாக முடிவது அபூர்வமல்ல.

தனித்தனியாக இரண்டு டிக்கெட் வாங்குவது ஆபத்து என்கிறார்களே?

மூன்று மணி நேர இணைப்பில் அது ஆபத்துதான். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதை விட்டால் கேட்பாரில்லை. ஆனால் நடுவில் இரண்டு நாள் இருக்கும்போது அந்த ஆபத்தின் பெரும்பகுதி கரைந்துவிடுகிறது. முதல் விமானம் ஆறு மணி நேரம் தாமதமானால் ஊர் சுற்றும் நேரத்தில் ஆறு மணி போகும், அவ்வளவுதான். பெட்டியையும் எப்படியும் நீங்களே எடுத்து மறுபடி போடப்போகிறீர்கள். அதனால் விலை கணிசமாகக் குறைந்தால் இரண்டு டிக்கெட் எடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

மீதி இருக்கும் சிக்கல், மாதங்களுக்கு முன்பே நடக்கும் நேர மாற்றம். நிறுவனங்கள் கால அட்டவணையை மாற்றுவது சகஜம். ஒரே டிக்கெட் என்றால் ஒரு துண்டு நகர்ந்தால் மற்றதையும் பொருத்தித் தருவது அவர்கள் பாடு. இரண்டு டிக்கெட் என்றால் இரண்டு நாள் ஒரு நாளாகச் சுருங்கினாலும் அது உங்கள் பாடு. பெட்டி எடையும் பாருங்கள். நெடுந்தூர விமானத்தில் 30 கிலோ அனுமதித்துவிட்டு, அடுத்த குறுந்தூர டிக்கெட்டில் கைப்பை மட்டும் என்று இருந்தால், மிச்சம் பிடித்த பணம் கவுன்ட்டரிலேயே போய்விடும்.

விசா வேண்டுமா? டிரான்சிட்தானே?

விமான நிலையத்தை விட்டு வெளியே கால் வைக்கிறீர்கள் என்றால், அந்த நாட்டுக்குள் நுழைகிறீர்கள். டிரான்சிட் என்ற சொல்லை நம்பி ஏமாறுவது இங்கேதான். ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளில் விமான நிலைய டிரான்சிட் விசா என்று ஒன்று உண்டு. அது நிலையத்தின் சர்வதேசப் பகுதியில் காத்திருக்க மட்டும், வெளியே வர உதவாது. அமெரிக்காவில் வெறும் இணைப்புக்கே குடிவரவைக் கடந்தாக வேண்டும்.

மறுபக்கம், இடைத்தங்கல் பயணிக்கென்றே கதவைத் திறந்து வைத்திருக்கும் நாடுகளும் உண்டு. சீனா 2024 டிசம்பரில் தன் விசா இல்லா இடைத்தங்கலை 240 மணி நேரமாக நீட்டியது. பட்டியலில் உள்ள நாடுகளின் கடவுச்சீட்டுக்கு மட்டும்தான் அது. இன்னொரு நிபந்தனையும் உண்டு: வந்த நாட்டுக்கே திரும்பிப் போகக் கூடாது, மூன்றாவது ஒரு நாட்டுக்குப் போக வேண்டும். துருக்கியில் சில நாட்டவருக்கு விசா வேண்டாம். இன்னும் சிலருக்கு இ-விசா உண்டு, ஆனால் செல்லுபடியாகும் ஷெங்கன், அமெரிக்க அல்லது பிரிட்டன் விசா போன்ற ஒன்று கையில் இருந்தால்தான். ஆகவே ஊரைத் தேர்ந்தெடுக்கும் முன் உங்கள் கடவுச்சீட்டுக்கு அந்த ஊர் எப்படி என்று பாருங்கள். நண்பர் போனார் என்பது கணக்கில்லை.

அதிகம் பேர் தவறவிடுவது, எத்தனை முறை நுழையலாம் என்பதை. போகும்போதும் வரும்போதும் ஒரே ஊரில் வெளியே வர நினைத்தால், ஒருமுறை நுழைவு விசா போதாது. இடைத்தங்கலும் சேரும் ஊரும் இரண்டுமே ஷெங்கனுக்குள் என்றால், இடையில் தங்கிய நாட்களும், 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம் என்ற கணக்கில் சேரும்.

செக்-இன் ஊழியர் உங்கள் ஆவணங்களை டைமாட்டிக் என்ற தரவுத்தளத்தில் வைத்துத்தான் சரிபார்ப்பார். தனித்தனி டிக்கெட் எடுத்தவர்கள் அடுத்த டிக்கெட்டை அச்சிட்டு வைத்திருங்கள். அவர் திரையில் அது தெரியாது.

பெட்டி என்ன ஆகும்?

24 மணி நேரத்துக்கு மேல் என்றால் இடைத்தங்கல் ஊரிலேயே வந்துவிடும். பெட்டியைப் போடும்போது டேகில் பெரிய எழுத்தில் உள்ள மூன்றெழுத்துக் குறியைப் படியுங்கள். இஸ்தான்புல்லில் இறங்குகிறீர்கள் என்றால் IST இருக்க வேண்டும். LHR என்று இருந்தால் உங்களுக்கு முன்பே பெட்டி லண்டன் போகிறது, அங்கேயே சொல்லி மாற்றச் சொல்லுங்கள்.

24 மணிக்குள் என்றால் தலைகீழ். பெட்டி கடைசி ஊருக்கே போகும். இடையில் எடுக்க வேண்டும் என்று செக்-இனில் கேட்டுப் பார்க்கலாம், பல இடங்களில் மறுப்பார்கள். ஒருமுறை 21 மணி நேர இணைப்பில் நான் இதைக் கேட்கவே மறந்துபோனேன். வெளியே மழை, மேல்சட்டை பெட்டிக்குள், பெட்டி எங்கோ கிடங்கில். அன்றிலிருந்து ஒரு நாள் துணி எப்போதும் கைப்பையில்.

போகும்போது தங்குவது நல்லதா, திரும்பும்போதா?

நேர வித்தியாசம் ஐந்தாறு மணிக்கு மேல் என்றால் போகும்போதே என்பேன். உடல் கடிகாரம் நாளொன்றுக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான் நகர்கிறது. நடுவில் இரண்டு நாள் தங்கினால் அந்த மாற்றத்தில் ஒரு பங்கை அங்கேயே முடித்துவிடலாம். கிழக்கு நோக்கிப் போகும்போது மாற்றம் இன்னும் கடினம் என்பதால் பயனும் அங்கே அதிகம். திரும்பும்போது பையில் அழுக்குத் துணி, மனதில் வீட்டு நினைப்பு, கூடவே வாங்கிய பொருட்களின் எடை. அந்த நிலையில் புது ஊரைப் பார்க்கும் ஆர்வம் பாதியாகிவிடுகிறது.

இரண்டு நாளில் உண்மையில் எவ்வளவு நேரம் கிடைக்கும்?

நினைப்பதைவிடக் குறைவு. மேலே சொன்ன பயணத்தையே எடுத்துக்கொள்வோம். புதன் இரவு 11.30க்குச் சிங்கப்பூரில் ஏறுகிறீர்கள். சுமார் 11 மணி நேரம் பறந்து, வியாழன் காலை 5.30க்கு இஸ்தான்புல். லண்டன் விமானம் சனி மதியம் 3.30க்கு என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 58 மணி நேரம்.

குடிவரவு, பெட்டி, ஊருக்குள் போவது எல்லாம் சேர்ந்து மூன்று மணி. கிளம்பும் நாளில் மூன்று மணி முன்னதாக நிலையத்தில் இருக்க வேண்டும், போய்ச் சேர ஒன்றரை மணி, ஆக நாலரை. இரண்டு இரவுத் தூக்கம் 16. மிச்சம் 34 மணிச் சொச்சம். அதுவும் ஒரே மாதிரியான நேரம் அல்ல. இஸ்தான்புல் சிங்கப்பூரைவிட ஐந்து மணி நேரம் பின்னால். அங்கே மாலை 5 என்றால் உங்கள் உடலுக்கு இரவு 10. முதல் நாள் மாலைக்கு எதையும் திட்டமிடாதீர்கள், இரவு 8க்குமேல் உட்கார்ந்தபடியே தூங்குவீர்கள். அதற்கு ஈடாக மறுநாள் விடியலுக்கு வெகு முன்பே விழிப்பு வந்துவிடும்.

அடுத்தது கிழமை. இரண்டே நாள் தங்குபவருக்கு ஒரு விடுமுறை நாள் பாதிப் பயணத்தைத் தின்றுவிடும். டோப்காபி அரண்மனைக்குச் செவ்வாய் விடுமுறை. கிராண்ட் பஜார் என்ற பெரிய கடைத்தெரு ஞாயிறு மூடியிருக்கும். வெள்ளிக்கிழமை மதியத் தொழுகை நேரத்தில் ஹாகியா சோபியாவிலும் நீல மசூதியிலும் சுற்றிப் பார்ப்பவர்களுக்கு அனுமதி இல்லை. ஊர் எதுவானாலும், தேதியை உறுதி செய்யும் முன் பார்க்க நினைக்கும் இரண்டு மூன்று இடங்களின் விடுமுறை நாளைப் பாருங்கள்.

இப்போது அடுக்கிப் பார்க்கலாம். வியாழன் காலை எட்டரைக்கு விடுதியில் பெட்டியை மட்டும் வைத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். அறை மதியம்தான் கிடைக்கும். தூக்கக் கலக்கத்தில் அருங்காட்சியகம் வேண்டாம். எமினோனுவில் படகு ஏறினால் இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் ஆசியக் கரையில் கடிக்கோய். காற்றும் வெளிச்சமும் உடலை விழித்திருக்க வைக்கும். மதியம் வந்து ஒரு மணி நேரம் மட்டும் படுத்து எழுந்து, பக்கத்தில் நடந்துவிட்டு, சீக்கிரம் தூங்குங்கள். வெள்ளி காலை டோப்காபி திறக்கும் நேரத்துக்கே போய்விடலாம், விழிப்புதான் ஏற்கெனவே வந்திருக்குமே. மசூதிகள் மதியத்துக்குப் பிறகு. சனி காலை கடைத்தெருவில் ஒரு நடை, 11 மணிக்கு அங்கிருந்து கிளம்பிவிட வேண்டும். இவ்வளவுதான் கொள்ளும். போஸ்போரஸ் நீரிணை முழுவதும் படகில் போய்வர ஆசை இருந்தால் இன்னொன்றை விட வேண்டும், அல்லது மூன்றாவது இரவு வேண்டும்.

தங்குமிடம் விமான நிலையத்துக்குப் பக்கமா, ஊருக்குள்ளா?

ஊருக்குள். விமான நிலையத்திலிருந்து நேராக வரும் ரயிலோ பேருந்தோ நிற்கும் இடத்திலிருந்து பெட்டியோடு பத்து நிமிட நடைக்குள் பாருங்கள்.

ஊருக்கு இரண்டு விமான நிலையம் இருந்தால் ஒரு கூடுதல் கவனம். இஸ்தான்புல்லில் IST ஐரோப்பியப் பக்கம், SAW ஆசியப் பக்கம். தனித்தனி டிக்கெட் வாங்கும்போது ஒன்றில் இறங்கி மற்றதில் ஏறுவது போல அமைந்துவிடும். இரண்டு நாள் இடைவெளியில் அது பெரிய தொல்லை இல்லை, எந்த நிலையத்துக்குப் போக வேண்டும் என்பதை மாற்றிப் புரிந்துகொள்ளாதவரை.

இரண்டு நாள் ஒதுக்க முடியாது. ஒரு நாள் போதுமா?

அப்படியென்றால் 24 மணிக்குள்ளேயே நில்லுங்கள். காலையில் இறங்கி மறுநாள் அதிகாலையில் ஏறுவது போல 20, 22 மணி நேர இணைப்பைத் தேடுங்கள். கட்டணத்தில் அது வெறும் இணைப்பு, அதனால் விலை உடையாது. பெட்டி மட்டும் கையில் இருக்காது. சில ஊர்களில் இணைப்புப் பயணிகளை இலவசமாகவே சுற்றிக்காட்டுகிறார்கள். டர்கிஷ் ஏர்லைன்ஸ் தன் பயணிகளுக்கு இஸ்தான்புல்லில் அப்படிச் செய்கிறது, சிங்கப்பூரின் சாங்கி நிலையத்திலும் உண்டு. இரண்டிலும் அந்த நாட்டுக்குள் நுழையும் தகுதி இருக்க வேண்டும்.

ஏற்கெனவே டிக்கெட் வாங்கிவிட்டேன். இப்போது இரண்டு நாள் சேர்க்க முடியுமா?

தேதி மாற்ற அனுமதிக்கும் கட்டணம் என்றால் முடியும். நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்து, "இரண்டாவது துண்டின் தேதியை மட்டும் நகர்த்தி, இடைத்தங்கலோடு மறுபடி விலை போட்டுச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். தளத்தில் நீங்களே மாற்றப் போனால் பல சமயம் இரண்டு துண்டையும் சேர்த்தே நகர்த்தும். மாற்றுக் கட்டணம், விலை வித்தியாசம், வரி என்று மூன்றையும் தனித்தனியாகச் சொல்லச் சொல்லுங்கள். விலை வித்தியாசம்தான் பெரிதாக இருக்கிறது என்றால், தேதியை ஒரு நாள் நகர்த்தி மறுபடி கேட்கலாம். வெறும் விலை கேட்பதால் டிக்கெட் மாறிவிடாது. "சரி, செய்யுங்கள்" என்று சொன்ன பிறகுதான் மாறும்.